அந்தக் கடிதத்தின் தேதி 2017 ஆகஸ்ட் 20: சங்கத் தலைவருக்கும் ஊர்க்கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர் அண்ணனுக்கும், ஊர்க்கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

போன வியாழக்கிழமை இரவு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட செய்தியைப் பற்றி எழுதுகிறேன். "அவசரம். டிசம்பர் 31க்குள் இந்தியப் பெருங்கடலில் மாபெரும் பூகம்பம். சுனாமி வரும். பிரதமருக்கே கடிதம் போயிருக்கிறது. கடலோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்" என்று எழுதி, கீழே ஆங்கிலக் கடிதம் ஒன்றின் படத்தையும் சேர்த்திருந்தீர்கள். அரை மணி நேரத்தில் அதுவே ஊர் மைக்கிலும் வாசிக்கப்பட்டது. மறுநாள் நான் நேரில் வந்து, இது பழைய கடிதம், மைக்கிலேயே திருத்திச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். "ஜாக்கிரதையா இருங்கன்னு சொன்னது ஒரு குத்தமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். விளக்கம் எதுவும் தேவையில்லை என்று கமிட்டியும் முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் மொத்தத்துக்கும் சொல்லப்பட்ட செய்தி என்பதால் என் பதிலையும் ஊர் மொத்தத்துக்குமே எழுதுகிறேன்.

முதலில் கடிதத்தைப் பார்ப்போம். அது பொய்யாகத் தயாரித்த கடிதம் அல்ல. அப்படி ஒரு கடிதம் உண்மையிலேயே எழுதப்பட்டது. எழுதியவர் திருவனந்தபுரத்துக்காரர், தேதி 2017 ஆகஸ்ட் 20. ஐம்புலனுக்கும் அப்பாற்பட்ட அறிவால் முன்கூட்டியே பார்ப்பதாகச் சொல்லும் ஓர் அமைப்பின் பெயரில் அவர் அதை எழுதினார். கருவியோ, கடலில் எடுத்த அளவோ, நிலநடுக்கப் பதிவோ அதற்கு ஆதாரமாகக் காட்டப்படவில்லை. 2017 டிசம்பர் 31க்குள் இந்தியப் பெருங்கடலில் பெரிய பூகம்பம் வரும், ஆசியாவின் பல நாடுகள் பாதிக்கப்படும், கடற்கரைப் பகுதிகளில் பலத்த காற்று வீசும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் அது கேரளம் முழுக்கச் சுற்றியது. நம் கடற்கரைக்கும் வந்தது. பாகிஸ்தான் வரை போய் அங்கேயும் பரபரப்பானது.

நீங்கள் அனுப்பிய படத்தில் கடிதத்தின் மேல்பகுதி இல்லை. அமைப்பின் பெயரும் தேதியும் இருக்கும் இடம் வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளே டிசம்பர் 31 என்பதற்குப் பிறகு வரும் ஆண்டும் படத்தின் ஓரத்தோடு போய்விட்டது. வெட்டியது நீங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் தேதியும் அனுப்பியவர் பெயரும் இல்லாத ஓர் அரசுக் கடிதத்தைச் சங்கத்துக்கு யாராவது கொண்டுவந்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? டீசல் மானியக் காகிதத்தில் ஒரு தேதி பிசகினால் திருப்பி அனுப்புகிறவர் நீங்கள். ஆயிரம் குடும்பங்களின் உறக்கத்தைத் தொடும் காகிதத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும் அண்ணே.

கெடு முடிந்தது. 2017 டிசம்பர் 31 வரை இந்தியப் பெருங்கடலில் அப்படியொரு பெரும் பூகம்பம் வரவில்லை, சுனாமியும் வரவில்லை. அத்தோடு அந்தக் கடிதம் செத்திருக்க வேண்டும். சாகாததற்குக் காரணம் நம் ஊருக்கு நன்றாகவே தெரியும்: ஒக்கி.

அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 30ஆம் தேதி காலையில் அது குமரிக்கடலில், நம் கரைக்கு மிக அருகில், புயலாக மாறியது. தாழ்வு மண்டலம் புயலாக ஒரே நாள்தான் ஆனது. தூத்தூர் முதல் நீரோடி வரை தங்கலுக்குப் போயிருந்த போட்டுகளுக்கு அந்தச் செய்தி எட்டவேயில்லை. கரையில் மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் அந்த நாட்களில் நான் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்தவர்தான். சில பத்துக் கடல்மைலுக்கு அப்பால் நம் செட் பேசாது. வந்து சேர்ந்த போட்டுகள் அடுத்த போட்டைப் பற்றிச் சொன்ன துண்டுச் செய்திகளை வைத்துத்தான் கரை சேராதவர்கள் பட்டியலில் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தோம். அடிக்காமல் விட்ட பெயர்களை இந்தக் கடற்கரை இன்னும் மறக்கவில்லை.

அந்தத் துக்கத்துக்கு நடுவேதான், "பார்த்தாயா, கடிதத்தில் சொன்னது பலித்துவிட்டது" என்ற பேச்சு கிளம்பியது. பலிக்கவில்லை. கடிதம் சொன்னது பூகம்பம், வந்தது புயல். கடலுக்கடியில் பாறைத் தட்டு பிளந்து நகர்வது பூகம்பம். வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவியிலிருந்து பலம் பெறுவது புயல். ஒன்று இன்னொன்றை உண்டாக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் வருவது ஆண்டுதோறும் நடப்பது. அந்த மாதங்களுக்குள் பலத்த காற்று வீசும் என்று ஆகஸ்டில் யார் எழுதியிருந்தாலும் ஏதோ ஒரு கரையில் அது பலித்ததாகவே தோன்றும். இறந்துபோன நம் ஆட்களின் பெயரால் அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த மரியாதை அதற்கு உரியதல்ல. அந்த மரியாதையால்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் ஆண்டை வெட்டிக்கொண்டு அது திரும்பி வருகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னதில் என்ன குற்றம்?

எந்த ஆபத்தை எவ்வளவு நேரம் முன்னால் அறிய முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூகம்பம் இந்தத் தேதிக்குள், இந்தக் கடலில், இவ்வளவு பெரிதாக வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றுவரை உலகில் எவரிடமும் இல்லை. சுனாமியை அறிய முடியும், ஆனால் பூகம்பம் நடந்த பிறகுதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.29க்கு சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆனது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் போன உயிர்களில் பலரைக் காப்பாற்ற அந்த மூன்று மணி நேரமே போதும். அன்று சொல்ல ஆள் இல்லை. 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இரவும் பகலும் இயங்குகிறது. பெரிய பூகம்பம் பதிவானால் சில நிமிடங்களில் முதல் அறிக்கை வெளிவரும். எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு ஆழம், எவ்வளவு அளவு என்று அதில் இருக்கும். அறிக்கைக்கு எண்ணும் உண்டு.

அந்த ஏற்பாடு வேலை செய்வதை நாமே பார்த்தோம். 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை, ஈஸ்டர் முடிந்த மூன்றாம் நாள். பிற்பகல் 2.08க்கு சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம். சென்னையில்கூட அதிர்வு உணரப்பட்டது. எச்சரிக்கை வந்தது, கடலோரம் மேட்டுக்குப் போனது. ஆனால் அந்தப் பூகம்பத்தில் கடற்தரை மேலே எழும்பவில்லை. பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தரை எழும்பினால்தான் மேலுள்ள தண்ணீர் மொத்தமும் தூக்கப்பட்டுப் பேரலை பிறக்கும். அதனால் பெரிய அலை வரவில்லை. கடலில் இருந்த கருவிகள் அதைக் காட்டியதும் மாலையே எச்சரிக்கை விலக்கப்பட்டது. இதைக் கவனியுங்கள் அண்ணே. உண்மையான எச்சரிக்கை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தெரியும். "டிசம்பர் 31க்குள்" என்று சொல்லும் செய்தியை யார் விலக்குவார்கள்? நீங்கள் அனுப்பியதை இதுவரை யாரும் விலக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் சிலர் சாயங்காலமானால் கடலை விட்டுத் தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் படுக்கப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட கணிப்பால் நம் மக்கள் ஓடியது இது முதல் தடவையும் அல்ல. 2004 சுனாமி முடிந்து நான்காம் நாள், டிசம்பர் 30, நினைவிருக்கும். பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் முகாமில் கஞ்சிக்கு நின்றவர்களும் போட்டதைப் போட்டபடி ஓடினார்கள். பூகம்பத்தைக் கணிப்பதாகச் சொன்ன அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் பேச்சு டெல்லி வரை போய், அங்கிருந்தே எச்சரிக்கையாகக் கிளம்பி வந்தது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று பிறகு அமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. நிவாரண வேலை நின்றுபோனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை இரவு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உங்கள் வீடு ரோட்டுக்கு மேலே இருக்கிறது. கடலோரத் தெருவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மைக்கில் அறிவிப்பு வந்ததும் பள்ளிக்கூட வராந்தா நிறைந்துவிட்டது. 2004இல் மகளையும் பேரனையும் கடலுக்குக் கொடுத்த ஒரு பாட்டி, ரேஷன் கார்டும் பட்டாவும் மருந்துச் சீட்டும் போட்ட பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஒருக்கா ஓட எனக்க காலுக்கு வய்யாது மக்ளே, நீங்க போங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியும்வரை அவர் படுக்கவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஏற்றி, டீசல் அடித்து, தங்கலுக்குப் புறப்பட்ட போட்டுகள் வீட்டிலிருந்து போன் வந்ததும் துறைமுகத்துக்குத் திரும்பின. இதில் இருக்கும் ஆபத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சுனாமி உண்மையிலேயே வருவதாக இருந்தால் போட்டுக்கு மிக மோசமான இடம் துறைமுகம்தான். ஆழ்கடலில் சுனாமி உயரமே இல்லாமல் ஓடும். 2004இல் கடலின் மேல் பறந்துகொண்டிருந்த செயற்கைக்கோள் அளந்தபோது நடுக்கடலில் அதன் உயரம் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். அதன் மேல் நிற்கும் போட்டுக்கு ஒன்றும் தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையக் குறையத்தான் அலை எழும்பும். துறைமுக வாயில் குறுகலாக இருப்பதால் உள்ளே தண்ணீர் சுழன்று போட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கும். அதனால் ஆழத்தில் இருப்பவர் அங்கேயே நிற்க வேண்டும். புயல் என்றால் நேர்மாறு. நேரத்தோடு பக்கத்துத் துறைமுகத்துக்குள் வந்துவிட வேண்டும். என்ன ஆபத்து என்று தெரியாமல் "எல்லாரும் கரைக்கு வாங்க" என்று சொன்னால் காப்பாற்ற நினைத்தவரையே கொண்டுபோய் ஆபத்தில் விடுகிறோம்.

மூன்றாவதாக ஒன்று நடந்தது. எனக்கு உறக்கம் வராததற்கு அதுதான் காரணம். அதே வியாழக்கிழமை மாலை குமரிக்கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் போக வேண்டாம் என்ற உண்மையான அறிவிப்பு வந்திருந்தது. தேதி, நேரம், எந்தக் கடற்பகுதி, எதுவரை என்று எல்லாம் அதில் இருந்தது. அதை நான்தான் குழுவில் போட்டேன். உங்கள் செய்திக்குக் கீழே வந்து குவிந்த அழுகைக்கும் கும்பிடுக்கும் நடுவில் அதை யாரும் பார்க்கவில்லை. விடிந்ததும் சுனாமி பொய் என்று தெரிந்தது. "எல்லாம் சும்மா புரளி" என்று சொல்லி இளவட்டங்கள் பைபர் வள்ளத்தை இறக்கினார்கள். காற்று வரும் என்று நான் மணலில் நின்று சொன்னபோது, "நேத்து சுனாமி, இன்னைக்குக் காத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பத்து மணிக்குள் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. இன்னொரு வள்ளத்துக்காரர்கள் இருவரையும் தூக்கினார்கள். எஞ்சினும் வலையும் கடலோடு போயின. அந்த எஞ்சினுக்குக் கடன் கொடுத்தது நம் சங்கம்தான் அண்ணே.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது நினைவிருக்கும். அதற்கு முன்பே கள்ளக்கடல் பற்றிய அறிவிப்பு வந்திருந்தது. தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயற்காற்று கிளப்பிய அலை, நாள்கணக்கில் ஓடி நம் கரையில் ஏறுவதுதான் கள்ளக்கடல். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அதனால்தான் ஏமாறுகிறார்கள். ஆனால் ஓடிவர நாளாவதால் இரண்டு மூன்று நாள் முன்பே அதை அறிய முடியும். அறிய முடியாத பூகம்பத்துக்கு மைக்கில் இடம் கொடுத்துவிட்டு, அறிய முடிந்த காற்றையும் கள்ளக்கடலையும் குழுவில் அடியில் தள்ளிவிடுகிறோம். எதை நம்புவது என்று தெரியாமல் நம் பிள்ளைகள் எதையும் நம்பாமல் போகிறார்கள்.

உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்காகக் குழித்துறை ரயில் பாதையில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் நீங்கள். நேரத்துக்குச் செய்தி சொல்லவில்லையே என்று அன்று கேட்டது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு வருகிற எதையும் சொல்லிவிடலாம் என்றாகாது. நேரத்துக்குச் சரியான செய்தி வேண்டும் என்றுதானே கேட்டோம்.

ஆகவே உங்களிடமும் கமிட்டியிடமும் கேட்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே மைக்கில் இதைச் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை அறிவித்த சுனாமிச் செய்தி 2017 ஆகஸ்ட் 20ஆம் தேதியிட்ட பழைய கடிதம். அதில் சொன்ன கெடு 2017 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது. இப்போது சுனாமி எச்சரிக்கை எதுவும் இல்லை. வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வரலாம்." யார் அனுப்பினார் என்று சொல்ல வேண்டியதில்லை. தேதியைச் சொன்னால் போதும். அதையே குழுவிலும் போட்டு, பழைய படத்தை அழித்துவிடுங்கள். நம் குழுவிலிருந்து பக்கத்து ஊர்களுக்கும் அது போயிருக்கிறது. அந்த ஊர்க் கமிட்டிகளுக்கு நீங்களே ஒரு போன் செய்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இனி மைக்கில் ஆபத்துச் செய்தி வாசிக்கும் முன் தேதி, நேரம், வெளியிட்ட அலுவலகம் மூன்றும் இருக்கிறதா என்று கமிட்டியில் ஒருவர் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். சந்தேகம் வந்தால் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். சுனாமி என்றால் tsunami.incois.gov.in பக்கத்தில் அன்றைய பூகம்பம் இருக்கும். அங்கே இல்லாத பூகம்பத்துக்கு நம் ஊரில் சுனாமி கிடையாது. ஒன்று மட்டும் விதிவிலக்கு: தரை பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ யாருடைய செய்திக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இதையும் மைக்கில் சொல்லுங்கள்.

ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை வையுங்கள். தினமும் மாலை அன்றைய காற்று, அலை அறிவிப்பை அது வெளியான நேரத்தோடும் எதுவரை செல்லும் என்பதோடும் நான் எழுதுகிறேன், கூலி வேண்டாம். வள்ளம் இறக்குகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கவிழ்ந்த வள்ளத்தின் எஞ்சின் கடனுக்கு வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் கேட்க வெட்கப்படுகிறார்கள், அதனால் நான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வராவிட்டால் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி அங்கத்தினர்களிடம் கையெழுத்து வாங்குவேன். அந்த அவசியம் வராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கரையில் வயர்லெஸ் செட் பார்க்கும் உங்கள் தம்பி